ஃபெசிலிட்டி டெக்னிசியனின் புரொஃபைல்: இயந்திரமும் லைசென்சும் ஒன்றையொன்று பொய்யாக்கக் கூடாது

கேள்வி: அண்ணே, பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில பதினோரு வருஷமா ஃபெசிலிட்டி டெக்னிசியன். சப்ஸ்டேஷன், கம்ப்ரசர், சில்லர், ஜென்செட் எல்லாம் பாத்திருக்கேன். A0 சார்ஜ்மேன் இருக்கு, எஸ்.கே.எம். ரெண்டாம் நிலை, கன்ஃபைண்ட் ஸ்பேஸ், ஃபோர்க்லிஃப்ட், அப்புறம் தேதி முடிஞ்ச கிரீன் கார்டு. எல்லாத்தையும் லிங்க்ட்இன்ல போட்டேன், ‘ஜீரோ ஆக்சிடெண்ட்’னும் போட்டேன். நாலு மாசமா ஒரு போன் கூட வரல. 2021-ல எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கு ஏர் டேம்பர்ல கை மாட்டிக்கிச்சு, அதை எழுதணுமா? லைசென்ஸ் படத்தை அப்படியே போடலாமா?

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய புரொஃபைலை முழுக்கப் படித்தேன். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் டெக்னிசியன்களை நேர்காணல் செய்யும் பக்கம் உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அனுபவம் நல்ல அனுபவம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன. இயந்திரங்கள் வரிசையில் முதலாவதாக ‘11 கேவி சப்ஸ்டேஷன் சுவிட்சிங், மெயிண்டனன்ஸ்’ என்று இருக்கிறது. கொஞ்சம் கீழே வந்தால் லைசென்ஸ் பகுதியில் ‘A0 சார்ஜ்மேன்’ என்று இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எந்த எலக்ட்ரிக்கல் இன்ஜினியரும் அங்கேயே நின்றுவிடுவார்.

ஏன் என்றால், சுருஹான்ஜாயா தெனாகா தரும் சார்ஜ்மேன் சான்றிதழ்களில் A வரிசை முழுவதும் லோ வோல்டேஜுக்கு உரியது. நம் மின்சார விதிமுறைப்படி, மாறுமின்னோட்டத்தில் இரண்டு கம்பிகளுக்கு இடையே 1000 வோல்ட் வரைதான் லோ வோல்டேஜ். 11 கேவி என்பது 11,000 வோல்ட். அதற்கு B வரிசை வேண்டும். எத்தனை கேவி வரை என்பதும் அந்தச் சான்றிதழிலேயே எழுதியிருக்கும். ஆகவே உங்கள் புரொஃபைலைப் படிப்பவருக்கு இரண்டு எண்ணங்கள்தான் வரும். ஒன்று, செய்யாததைச் செய்ததாக எழுதியிருக்கிறார். இரண்டு, உரிய சான்றிதழ் இல்லாமலேயே ஹை வோல்டேஜில் கை வைத்திருக்கிறார். இரண்டாவது முதலாவதைவிட மோசம். ஒரு மின் நிறுவலுக்கு யார் பொறுப்பாக இருக்கலாம் என்பதை 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் வரையறுத்துவிட்டன. அந்த எல்லையைத் தெரியாத ஆளை எடுத்தால், நாளைக்கு ஏதாவது நடக்கும்போது பதில் சொல்ல வேண்டியது எடுத்தவர்தான்.

உண்மையில் உங்கள் இடத்தில் என்ன நடந்தது என்று நீங்களே அடுத்த மெசேஜில் சொல்லியிருக்கிறீர்கள். வருடாந்தர ஷட்டவுனில் வெளியிலிருந்து வந்த B0 சார்ஜ்மேன்தான் 11 கேவி பக்கம் சுவிட்சிங் செய்தார். நீங்கள் லோ வோல்டேஜ் பக்கத்தில் மெயின் பிரேக்கரைத் திறந்து, வெளியே இழுத்து, பூட்டும் டேகும் போட்டீர்கள். வேலை அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டீர்கள். மின்சாரம் திரும்பி வந்த பிறகு ஃபேஸ் வரிசையைச் சரிபார்த்து, லோடுகளை ஒவ்வொன்றாக ஏற்றினீர்கள். இதை அப்படியே எழுதுங்கள். ‘வருடாந்தர ஷட்டவுன்: 11 கேவி சுவிட்சிங் B0 சார்ஜ்மேன் பொறுப்பில், லோ வோல்டேஜ் பக்கம் தனிமைப்படுத்தல், பூட்டு, மறுபடி லோடு ஏற்றுதல் என் பொறுப்பில்.’ இப்படி எழுதினால் உங்கள் மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். எல்லை தெரிந்து வேலை செய்த ஆள் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. நாளைக்கு நீங்கள் B0 எழுதப் போகிறீர்கள் என்றால், ஹை வோல்டேஜ் ஷட்டவுனில் கூடவே நின்றவர் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

ஜென்செட் விஷயத்திலும் இதே கவனம் தேவை. A0-வில் ஓவர்ஹெட் லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் சான்றிதழில் அச்சாகியிருக்கும் வாசகத்தை எடுத்துப் பாருங்கள், அதை மீறாத மாதிரி எழுதுங்கள். உங்களுடையது மின்வெட்டு வந்தால் தானாக மாறிக்கொள்ளும் ஸ்டாண்ட்பை ஜென்செட். வெளி மின்சாரத்தோடு இணையாக ஓடுவதில்லை. அப்படியானால் ‘ஸ்டாண்ட்பை, ஆட்டோ சேஞ்ச்ஓவர், இணை ஓட்டம் இல்லை’ என்று சேர்த்துவிடுங்கள். ‘ஜென்செட் ஆபரேஷன்’ என்று மட்டும் இருந்தால், சிங்க்ரனைஸ் செய்து ஓட்டினாரா என்ற கேள்வி வரும். அது வேறு வேலை, வேறு தகுதி.

சரி, இனி மற்ற இயந்திரங்கள். ‘கம்ப்ரசர், சில்லர், ஏ.எச்.யூ., கூலிங் டவர்’ என்று கமா போட்டு அடுக்கியிருக்கிறீர்கள். பினாங்கில் எந்த ஃபெசிலிட்டி ஆளின் புரொஃபைலைத் திறந்தாலும் இதே பட்டியல்தான் இருக்கும். பட்டியலைப் படித்து, இவர் சுவிட்சைப் போட்டவரா, பழுது பார்த்தவரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நான் தேடுவது இவற்றைத்தான்: எந்த வகை, எவ்வளவு பெரியது, நீங்கள் எந்த ஆழம் வரை போனீர்கள், நீங்களே கண்டுபிடித்துத் தீர்த்த ஒரு கோளாறு. எல்லா இயந்திரத்துக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. உங்கள் கை நன்றாகப் பழகிய இரண்டுக்கு எழுதினால் போதும், மற்றவற்றுக்கு ஒரு வரி.

உங்கள் விஷயத்தில் முதலில் எழுத வேண்டியது கம்ப்ரசர். உங்களிடம் இருப்பவை 75 கிலோவாட் ஆயில் இன்ஜெக்டட் ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் மூன்று, கூடவே ஒரு ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர். இந்த அளவை எழுதினாலே படிப்பவர் மனதில் ஒரு கம்ப்ரசர் அறை தெரிந்துவிடும். தயாரிப்பாளர் பெயரையும் கண்ட்ரோலர் மாடலையும் சேர்த்துவிடுங்கள். அட்லஸ் காப்கோ வைத்திருக்கும் ஃபேக்டரி அட்லஸ் காப்கோ என்றுதான் தேடும், இங்கர்சால் ராண்ட் வைத்திருப்பவர் அந்தப் பெயரைத் தட்டுவார். பெயர் இல்லையென்றால் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள்.

அடுத்தது ஆழம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், செபரேட்டர் மாற்றுவது, பெல்ட் அல்லது கப்ளிங் பார்ப்பது, சேஃப்டி வால்வைச் சோதிப்பது எல்லாம் நீங்கள் செய்தவை. ஏர்-எண்டைப் பிரித்துப் பேரிங் மாற்றுவது ஏஜென்ட் கம்பெனி செய்தது. இந்தக் கோட்டை நீங்களே போட்டுக் காட்டுங்கள். ‘கம்ப்ரசர் ஓவர்ஹால்’ என்று எழுதிவிட்டு, ஏர்-எண்ட் ரோட்டர் இடைவெளியை எப்படி அளந்தீர்கள் என்று நான் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அப்புறம், நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தக் கோளாறு. உங்கள் புரொஃபைலிலேயே இல்லாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். இரண்டாவது கம்ப்ரசர் மத்தியான நேரத்தில் மட்டும் அதிக வெப்பத்தில் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் வந்து ஆயிலை மாற்றினார், கூலரைக் கழுவினார், தெர்மோஸ்டாட் வால்வையும் மாற்றினார். இரண்டு வாரத்தில் பழையபடி. நீங்கள் வெளிக்காற்றின் வெப்பத்தையும் கம்ப்ரசர் இழுக்கிற இடத்தில் இருக்கும் வெப்பத்தையும் தனித்தனியாக அளந்தீர்கள். உள்ளே இழுக்கும் காற்று வெளியில் இருப்பதைவிட நன்றாகச் சூடாக இருந்தது. பக்கத்தில் புதிதாகக் கட்டிய சுவரில் மோதி, எக்ஸாஸ்ட் டக்ட்டின் சூடான காற்று திரும்பவும் அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. டக்ட்டை உயர்த்தி வெளியே திருப்பிவிட்ட பிறகு ட்ரிப் நின்றது. ஆயில், கூலர், வால்வு என்று இயந்திரத்துக்குள்ளேயே தேடுகிறவர்கள் நிறைய பேர். இயந்திரத்தைச் சுற்றியிருக்கும் காற்றை அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. இதை மூன்று வாக்கியத்தில் எழுதினால், பத்து இயந்திரப் பெயர்களை அடுக்குவதைவிட அதிகம் சொல்லும்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘பிரஷர் குறைத்து 20 விழுக்காடு மின்சாரம் மிச்சப்படுத்தினேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. லீக்குகளை அடைத்த பிறகு செட்டிங்கை 7.8 பாரிலிருந்து 7.2 பாருக்கு இறக்கினீர்கள் என்கிறீர்கள். ஒரு பார் குறைத்தால் ஏறக்குறைய 7 விழுக்காடு மிச்சம் என்பது கம்ப்ரசர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 0.6 பாருக்கு அது 4 விழுக்காடு பக்கம்தான் வரும். மீதியெல்லாம் லீக் அடைத்ததால் வந்திருக்கலாம். அப்படியென்றால் அதைப் பிரித்து எழுதுங்கள். மீட்டரில் முன்னும் பின்னும் எடுத்த ரீடிங் கையில் இருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். ரீடிங் இல்லையென்றால் விழுக்காட்டை எடுத்துவிட்டு, ‘லீக் தேடி அடைத்து, செட் பிரஷரை 7.8-லிருந்து 7.2 பாருக்கு இறக்கினேன்’ என்று மட்டும் எழுதினாலே நம்பத் தகுந்ததாக இருக்கும்.

கம்ப்ரசரோடு சேர்ந்த ஏர் ரிசீவரை மறந்துவிட்டீர்கள். அது தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் தகுதிச் சான்றிதழ் தேவைப்படும் அழுத்தக் கலன். ஆய்வுக்கு முன்னால் அதைத் தனிமைப்படுத்தி, காற்றை வெளியேற்றி, மேன்ஹோல் திறந்து, உள்ளே சுத்தம் செய்து அதிகாரிக்குக் காட்டத் தயார் செய்தவர் நீங்கள்தான். ‘ஏர் ரிசீவர்களைத் தகுதிச் சான்றிதழ் ஆய்வுக்குத் தயார் செய்தேன்’ என்று எழுதுங்கள். எந்த ஃபேக்டரியின் ஃபெசிலிட்டி மேனேஜரும் அந்த வரியில் கண் வைப்பார், ஏனென்றால் அந்தத் தேதி தவறிப்போனால் தலைவலி அவருக்குத்தான். கலனின் பதிவு எண்ணைப் போட வேண்டாம், அது கம்பெனியின் சொத்து.

சில்லருக்கு ஒரே ஒரு விஷயம். நீங்கள் ஓட்டினீர்கள், லாக் எழுதினீர்கள், கண்டன்சர் குழாய்களைப் பிரஷ் செய்தீர்கள். கேஸ் ஏற்றியது காண்ட்ராக்டர். குளிர்பதன வாயுவைக் கையாள சுற்றுச்சூழல் துறை சார்ந்த தனிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. அது உங்களிடம் இல்லை. ஆகவே ‘ரெஃப்ரிஜரண்ட் சார்ஜிங்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இப்போது லைசென்ஸ் பகுதிக்கு வருவோம். ஐந்தையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். அவை ஒரே வகை இல்லை. A0 சட்டப்படி ஒரு வேலைக்குப் பொறுப்பேற்க அனுமதிக்கும் தகுதிச் சான்றிதழ். எஸ்.கே.எம். இரண்டாம் நிலை என்பது ஜே.பி.கே. தரும் திறன் தகுதி. இன்ன வேலை தெரியும் என்கிறது, ஆனால் மின் நிறுவலுக்குப் பொறுப்பேற்கும் உரிமையைத் தராது. ஃபோர்க்லிஃப்ட் உங்களிடம் இருப்பது பயிற்சிச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு உங்கள் கம்பெனி உங்களுக்கு உள்ளே ஓட்ட அனுமதி கொடுத்திருக்கிறது. புதுக் கம்பெனி தன் அனுமதியைத் தானே கொடுக்கும். ஆகவே ‘ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ்’ என்று எழுதாமல், பயிற்சி தந்த மையம், ஆண்டு, எந்த வகை வண்டி என்று எழுதுங்கள். நீங்கள் ஓட்டியது கவுண்டர்பேலன்ஸ். வேர்ஹவுசில் இருக்கும் ரீச் டிரக் வேறு. ஃபோர்க்லிஃப்ட் என்று மட்டும் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, ரீச் டிரக்கில் உட்கார வைத்தால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

கன்ஃபைண்ட் ஸ்பேஸ் சான்றிதழை ‘கன்ஃபைண்ட் ஸ்பேஸ் லைசென்ஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு வகை உண்டு. உள்ளே இறங்குபவருக்கும் வெளியே காவல் நிற்பவருக்கும் உரியது ஏ.இ.எஸ்.பி.; காற்றைச் சோதித்து, உள்ளே போக அனுமதி தரும் மேற்பார்வையாளருக்கு உரியது ஏ.ஜி.டி.இ.எஸ். உங்களிடம் இருப்பது முதலாவது. அதைத் தெளிவாக எழுதுங்கள், கார்டில் இருக்கும் முடிவுத் தேதியையும் போடுங்கள். அதை எழுதினால் நேர்காணலில் ஒரு கேள்வி நிச்சயம்: உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு இருந்தால் இறங்கலாம்? 19.5-லிருந்து 23.5 விழுக்காடு என்பது பயிற்சியில் சொல்லித் தந்ததுதான், ஆனால் கார்டு வாங்கிப் பல மாதம் ஆன பிறகு திணறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கூலிங் டவர் தொட்டியில் இறங்கியவர், அந்த அனுபவத்தோடு சேர்த்துச் சொன்னால் மறக்காது.

கிரீன் கார்டு சி.ஐ.டி.பி. கட்டுமானத் தளத்துப் பணியாளர்களுக்குத் தரும் பதிவு. தேதி முடிந்துவிட்டது என்கிறீர்கள். முடிந்த கார்டை நடப்பில் இருப்பது போல வைத்திருப்பதுதான் பிரச்சினை. நீங்கள் தேடுவது ஃபேக்டரிக்குள் ஃபெசிலிட்டி வேலையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பத்து காவானில் புதிதாகக் கட்டும் ஃபேக்டரிகளின் நிறுவல் வேலைக்கும் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் புதுப்பித்துவிட்டு, புதுத் தேதியோடு சேருங்கள்.

லிங்க்ட்இன்னில் `Licenses & certifications` என்ற பகுதி இருக்கிறதல்லவா, அங்கே பெயர், வழங்கியவர், வழங்கிய தேதி, முடிவுத் தேதி, `Credential ID` என்று கட்டங்கள் வரும். பெயர் கட்டத்திலேயே வகையையும் எல்லையையும் எழுதிவிடுங்கள். ‘சார்ஜ்மேன்’ என்று மட்டும் விட்டால் A0-வா B0-வா என்று தெரியாது. காகிதத்தில் முடிவுத் தேதி அச்சாகவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஒரு தேதியைக் கற்பனை செய்யாதீர்கள். `Credential ID` கட்டத்தில் நீங்கள் உங்கள் மைகார்டு எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே அழித்துவிடுங்கள். அது சான்றிதழ் எண்ணுக்கான இடம்.

படத்தைப் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நம் சான்றிதழ்களில் பெயரோடு பன்னிரண்டு இலக்க மைகார்டு எண்ணும் சேர்ந்தே அச்சாகியிருக்கும், சில கார்டுகளில் புகைப்படமும் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் பெயரில் கடன் வாங்கவோ கணக்குத் திறக்கவோ முயல்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. வகை, வழங்கியவர், ஆண்டு ஆகியவை பொதுவில் இருந்தால் போதும். நேர்காணலுக்குக் கூப்பிட்ட கம்பெனிக்கு, அது நிஜக் கம்பெனிதான் என்று தெரிந்த பிறகு, நகல் கொடுங்கள். நகலின் குறுக்கே ‘இன்ன கம்பெனி வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். கம்ப்ரசர் அறையில் நின்று எடுத்த படத்தையும் எடுத்துவிடுங்கள். பின்னால் பைப் லேபிள்களும் லேஅவுட் வரைபடமும் தெரிகிறது. பாயான் லெப்பாஸ் கம்பெனிகள் பெரும்பாலும் உள்ளே படம் எடுப்பதையே தடை செய்திருக்கும். அந்தப் படம் உங்கள் திறமையைக் காட்டுவதற்கு முன்னால், நீங்கள் விதியை மீறியதைக் காட்டிவிடும்.

கடைசியாகப் பாதுகாப்பு. இதைத்தான் நீங்கள் மிகவும் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

‘பதினொரு ஆண்டு ஜீரோ ஆக்சிடெண்ட்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். நாட்டில் தனி ஒரு தொழிலாளிக்கு இவர் விபத்தே இல்லாதவர் என்று சான்று தரும் அலுவலகம் எதுவும் கிடையாது. விபத்துப் பதிவு வைத்திருப்பது முதலாளி. நான்கு நாளுக்கு மேல் ஒருவர் வழக்கமான வேலை செய்ய முடியாத அளவுக்கு அடிபட்டால் ஜே.கே.கே.பி.க்கு அறிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அந்த எண்ணிக்கை கம்பெனியின் எண்ணிக்கை. உங்கள் வரியைப் படிப்பவர் அதை உங்கள் டிபார்ட்மெண்டின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வார். 2021-ல் நடந்ததை அறிந்த ஒருவர் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால்? பினாங்குத் தீவுக்கும் பிறைக்கும் இடையே ஃபெசிலிட்டி ஆட்கள் எல்லாரும் யாரோ ஒருவர் வழியாகத் தெரிந்தவர்கள்தான்.

அந்த விபத்தைப் புரொஃபைலில் எழுதவும் வேண்டாம். அடிபட்டது வேறொருவர். அவருடைய உடல்நிலையும் கம்பெனியின் விசாரணையும் நீங்கள் பொதுவில் வைக்க வேண்டிய விஷயங்கள் இல்லை. நேர்காணலில் நேரடியாகக் கேட்டால் மட்டும் பெயர் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்தது உங்களுடையது. அதை எழுதலாம், எழுத வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது? ஏ.எச்.யூ.வின் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டாகிவிட்டது. டேம்பரை இயக்கும் சிலிண்டரில் மட்டும் காற்று நின்றிருந்தது. வயரைக் கழற்றியதும் சொலினாய்டு வால்வு நிலை மாறியது, டேம்பர் மூடியது. மின்சாரப் பூட்டு அந்தக் காற்றைத் தடுக்காது. விசாரணைக்குப் பிறகு, காற்றுக் குழாயில் பூட்டக்கூடிய, அடைத்தால் உள்ளிருப்பதை வெளியே விடுகிற வால்வு பொருத்தினீர்கள். பூட்டும் டேகும் போடும் முறையைச் சொல்லும் லோட்டோ செயல்முறைத் தாளில், பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதையும், பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திச் சோதிப்பதையும் சேர்த்தீர்கள். அந்தத் தாளின் வரைவு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. புரொஃபைலில் இப்படி வரலாம்: ‘காற்றில் இயங்கும் டேம்பர்களுக்கான லோட்டோ செயல்முறையைத் திருத்தி எழுதினேன்: காற்றுப் பக்கம் தனிப் பூட்டு, அழுத்தம் வெளியேற்றல், இயக்கிச் சோதித்தல்.’ யார் அடிபட்டார் என்ற பேச்சே இதில் இல்லை. மின்சாரத்தைத் தவிர வேறு சக்திகளும் ஓர் இயந்திரத்துக்குள் தேங்கி நிற்கும் என்பதை அறிந்த டெக்னிசியன் இவர் என்று படிப்பவருக்குப் புரியும். நான் பாதுகாப்புப் பதிவு என்று தேடுவது இதைத்தான்.

இதோடு இரண்டு விஷயம் சேர்க்கலாம். நீங்கள் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பக்கப் பிரதிநிதியாக இரண்டு ஆண்டு இருந்திருக்கிறீர்கள். 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குழு அது, ஆகவே ஆண்டோடு எழுதுங்கள். வேலை அனுமதிப் படிவத்தில் நீங்கள் எந்த இடத்தில் கையெழுத்திடும் ஆள், விண்ணப்பிப்பவரா, இடத்தைத் தனிமைப்படுத்துபவரா என்பதையும் எழுதுங்கள். ‘எஃப்.எம்.ஏ. 1967 தெரியும்’ என்ற வரியை மட்டும் மாற்றுங்கள். தொழிற்சாலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் உரிய அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே நாளில் நடப்புக்கு வந்த, தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமான ஓஷாவின் திருத்தங்களைப் பற்றித்தான் இப்போது கேட்பார்கள். உதாரணமாக, ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லையென்றால், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்பது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி இப்படி இருக்கலாம்:

```
Facilities Technician | Chargeman A0 (LV) |
Screw Compressors 75 kW | LOTO | AESP | Penang
```

போனில் தேடுகிறவருக்கு இந்த வரியின் முதல் பாதிதான் தெரியும், அதனால் A0-வை முன்னால் வைத்திருக்கிறேன். ‘ஹார்ட்வொர்க்கிங்’, ‘டீம் பிளேயர்’ எதுவும் இங்கே வேண்டாம், யாரும் அந்தச் சொல்லைத் தட்டித் தேடுவதில்லை. ஜாப்ஸ்ட்ரீட்டிலும் மைஃபியூச்சர்ஜாப்சிலும் இதே சொற்களையே போடுங்கள். ஓரிடத்தில் A0, இன்னோரிடத்தில் வெறும் சார்ஜ்மேன் என்று இருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த வேலையில் இருக்கும்போதே, நீங்கள் செய்ததாக எழுதும் ஒவ்வொன்றுக்கும் கையில் ஏதாவது சான்று இருக்கட்டும். கம்பெனி ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. எந்த இயந்திரங்கள், எந்தப் பொறுப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு பக்கக் கடிதம் தயார் செய்து, உங்கள் சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். வேலையை விட்டுப் போன பிறகு கேட்டால், அவரும் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், எச்.ஆர். பதவியையும் தேதியையும் மட்டும் போட்டுத் தருவார்கள். எஸ்.கே.எம். மூன்றாம் நிலைக்கு வகுப்புக்குப் போகாமல், அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.டி. வழியில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். அங்கேயும் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது இந்த மாதிரிக் கடிதத்தையும் வேலைச் சான்றுகளையும்தான்.